ஒன்பதாவது பத்தியில் இருந்த செய்தி

திருவள்ளூரில் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் மூன்று மேஜை, ஒரு தண்ணீர் கேன், வாயைத் திறந்தபடியே நிற்கும் ஒரு பிரிண்டர். மாவட்டச் செய்திகளை நாற்பது வார்த்தைக்குள் சுருக்கிச் செல்போனுக்கு அனுப்புவதுதான் தொழில். முழுச் செய்தியை யாரும் படிப்பதில்லை என்பதை எங்கள் ஆசிரியர் ஒருநாள் கண்டுபிடித்தார். அப்போது அவர் ஒரு நாளிதழில் முழுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்த மாதமே வேலையை விட்டுவிட்டு வந்து இதைத் தொடங்கினார்.

சுருக்குவது என் வேலை. அதற்கு முன் கவரைப்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்தினேன். ‘பொருள் மாறாமல் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக’ என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண். அந்த விடைகளை ஏழு வருடம் திருத்தியவள் என்பதால் எனக்குச் சுருக்கத் தெரியும் என்று ஆசிரியர் நம்பினார். நானும் நம்பினேன்.

என்னிடம் ஒரு முறை இருந்தது. செய்தியாளர் அனுப்பும் செய்தியின் முதல் இரண்டு, மூன்று பத்திகளை எடுத்துக்கொள்வேன். ‘பரிதாபமாக’, ‘பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது’ போன்றவற்றை நீக்குவேன். மிச்சத்தை எண்ணுவேன். நாற்பதுக்கு மேல் போனால் இன்னும் இரண்டு வார்த்தையைத் தூக்குவேன். எட்டு நிமிடத்தில் ஒரு செய்தி முடிந்துவிடும். எட்டு மாதம் இந்த முறை என்னைக் கைவிடவில்லை. காரணம் என் திறமை அல்ல. எங்கள் செய்தியாளர்களில் பெரும்பாலோர் நடந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறவர்கள்.

கும்மிடிப்பூண்டி செய்தியாளர் மட்டும் அப்படியில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கவர், சார்ஜர் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். செய்தி எழுதுவது அவருக்கு ஆசைக்கு. குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதினாலும் வானம் எப்படி இருந்தது என்பதில்தான் தொடங்குவார். ஒருமுறை போனில் கேட்டேன்.

“விஷயத்தை முதல் வரியில சொன்னா என்ன?”

“மேட்டர மொதல்லயே சொல்லிட்டா அப்பறம் எவன் மேடம் படிப்பான்?” என்றார்.

அவருடைய செய்தி வந்தால் வழக்கமாகக் கூப்பிட்டு, “நடந்தது என்ன, ஒரே வரியில சொல்லுங்க” என்று கேட்டுவிடுவேன். அந்தப் புதன்கிழமை கேட்கவில்லை. முதல் முறையாக அவருடைய செய்தி, விஷயத்திலேயே தொடங்குவதுபோல் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அது வந்தது. நீளமான செய்தி. முதல் பத்தி இப்படி: ‘காலை பதினொரு மணி. திடீரென அலறியது அபாயச் சங்கு. வெண்புகை சூழ, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள் தொழிலாளர்கள். பெண் ஒருவர் மயங்கிச் சரிந்தார். ஆம்புலன்ஸ் சீறிப் பாய்ந்து வந்தது.’ இரண்டாவது பத்தியில், சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஆலையில் வாயு கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை மக்கள் இன்னும் மறக்கவில்லை என்று இருந்தது. மூன்றாவதில் ஒரு டீக்கடைக்காரர், “நெஞ்சே நின்னுடுச்சுபா” என்றார்.

நான் எழுதியது இது:

‘கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஆலையில் இன்று காலை வாயுக் கசிவு. தொழிலாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினர். மயங்கி விழுந்த பெண் ஆம்புலன்ஸில் கொண்டுசெல்லப்பட்டார். ஏற்கெனவே வேறோர் ஆலையில் ஏற்பட்ட கசிவில் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.’

ஆலையின் பெயரும் அதில் இருந்தது. இங்கே அது வேண்டாம்.

இப்போது அதை எடுத்துப் பார்த்தால், நான் செய்தது தெளிவாகத் தெரிகிறது. செய்தியாளரின் எழுத்தில் ‘கசிவு’ என்ற விஷயம் ஒரே இடத்தில்தான் வந்தது. இரண்டாவது பத்தியில், வேறு ஆலைக்கு, வேறு வருடத்துக்கு. அதை நான் அங்கிருந்து தூக்கி வந்து இன்று காலைக்கு வைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தது என்றுதான் அவர் எழுதியிருந்தார். அந்தப் பெண்ணை அதில் ஏற்றியது நான்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செய்தியைப் போட்டேன். போட்டபிறகுதான் அந்த ஆலையின் பெயர் என் மண்டையில் ஏறியது. என் அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள். பேக்கிங் பிரிவு. ஆரம்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி ஆறு மணி ஷிப்டுக்குப் போய் இரண்டு மணிக்கு வெளியே வருவாள்.

உடனே அவளுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆலையில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாயிலிலேயே வாங்கி ஒரு பெட்டியில் வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு முறை கூப்பிட்டேன்.

செய்தியைப் போட்டுவிட்டு அப்புறம் அக்காவைக் கூப்பிட்டேன் என்ற இந்த வரிசை, பிறகு எங்கள் வீட்டில் பலமுறை பேசப்பட்டது.

எட்டாவது முறை கூப்பிடும் முன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அக்காவோடு ஆரம்பாக்கத்தில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் செய்தியைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

“ஒங்க ஆபீஸ்லதான் போட்டுக்கீதாம். நீதான எழுதன?”

“ஆமாம்மா.”

“எந்தப் பொம்பளடி வுழுந்தது?”

“தெரியலம்மா.”

“தெரியாமயா எழுதன?”

‘பாக்குறேம்மா’ என்று சொல்லிவிட்டு, மயங்கி விழுந்த பெண் யாரென்று தெரிந்துகொள்ளச் செய்தியைத் திரும்பத் திறந்தேன். மூன்றாவது பத்தியில் டீக்கடைக்காரரின் நெஞ்சு நின்றது. நான்காவது பத்தி இப்படித் தொடங்கியது: ‘ஆனால் இவை அனைத்தும் பாதுகாப்பு ஒத்திகை என்று தெரிந்ததும் அப்பகுதி மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.’

நான் பெருமூச்சு விடவில்லை. எழுந்து போய் ஆசிரியரின் மேஜையில் போனை வைத்தேன். அவர் என் நாற்பது வார்த்தையைப் படித்தார். பிறகு நான்காவது பத்தியைப் படித்தார்.

“எத்தினி பேரு பாத்துக்கிறாங்க?”

“நிறைய பேரு சார்.”

“நம்ம இதுவரைக்கும் போட்டதுலயே அதிகமா?”

“ஆமா சார்.”

ஒரு நொடி அவர் முகத்தில் வருத்தத்தோடு வேறு ஏதோ ஒன்றும் தெரிந்தது. அதை அவர் உடனே அடக்கிக்கொண்டார். “எடுத்துரு. திருத்தம் போடு. சீக்கிரம்” என்றார்.

நான் சீக்கிரம் போட்டேன்: ‘கும்மிடிப்பூண்டி ஆலையில் நடந்தது பாதுகாப்பு ஒத்திகை மட்டுமே. வாயுக் கசிவு எதுவும் இல்லை. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.’ நான்காவது பத்தியோடு படிப்பதை நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதினேன். ஒரே செய்தியை ஒரே நாளில் இரண்டு முறை பாதியில் நிறுத்தியவள் நான்.

அம்மாவுக்குப் போன் செய்து, அது ஒத்திகைதான், அக்காவுக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

“இத நீதான் சொல்றியா, கம்பெனிகாரன் சொல்லச் சொன்னானா?”

“நான்தான்மா.”

“அதயும் நீதான சொன்ன” என்றாள் அம்மா. பின்னால் பஸ் சத்தம் கேட்டது. அவள் கிளம்பிவிட்டிருந்தாள்.

அதற்குள் கும்மிடிப்பூண்டி செய்தியாளர் கூப்பிட்டார்.

“இன்னா மேடம் பண்ணி வெச்சிக்கிறீங்க? ஊரே கேட்டாண்ட வந்து நிக்குது. ஒத்திகன்னு நான் எழுதித்தான குடுத்தேன்? போலீஸ்காரரு என்னாண்ட வந்து கேக்குறாரு. பேஜாரா போச்சு மேடம். நாளைக்கு நான் இங்க கடைய தொறக்கணும்.”

ஆசிரியர் கார் சாவியை எடுத்தார். நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்றார். அலுவலகத்தில் மூன்றாவது மேஜைக்காரர் அன்று விடுப்பு என்பதால் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். பெரியபாளையம் வழியாகப் போனோம். செய்தி என் கையிலேயே இருந்தது, ஒரு மணி நேரப் பயணம், படித்து முடித்திருக்கலாம். அக்காவின் எண்ணைத்தான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலையைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி போய், ஆலை வாயிலை அடைந்தபோது இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அறுபது, எழுபது பேர் நின்றிருந்தார்கள். கணவன்மார், மாமியார்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். மாமா, அதாவது அக்காவின் கணவர், தான் வேலை செய்யும் வேறொரு ஆலையின் சீருடையோடு வந்திருந்தார். ஷிப்டின் நடுவில் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

திருத்தம் எல்லோர் கைக்கும் வந்திருந்தது. அது வேலை செய்யவில்லை.

“மொதல்ல கசிவுன்னான். அர மணி நேரத்துல ஒத்திகன்றான். டப்பு கை மாறிக்கீது நைனா, வேற இன்னா?” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதைக் கேட்ட எங்கள் ஆசிரியரின் முகம் உண்மையாகவே புண்பட்டுப் போனது. அந்த மாதம் பிரிண்டருக்கு மை வாங்கக்கூட எங்களிடம் காசு இல்லை.

ஆலையின் பணியாளர் நல அதிகாரி வாயிலுக்கு வந்தார். நல்ல மனிதர். காலையில் ஒத்திகைக்குப் பயன்படுத்திய ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருந்தார். “யாரும் பயப்பட வேண்டாம், இங்கே எந்த ஆபத்தும் இல்லை” என்று சொல்வதற்காக அதை வாயருகே தூக்கினார். அதில் பேசுவதற்கு ஒரு பொத்தான், சங்கு ஊதுவதற்கு ஒரு பொத்தான். அவர் இரண்டாவதை அழுத்தினார்.

அறுபது பேரும் ஓடினார்கள். எங்கள் ஆசிரியரும் ஓடினார். அம்மா மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “என் பொண்ணு உள்ள கீறா, நான் எங்க ஓடறது?” என்றாள்.

ஒரு வழியாக எல்லோரும் திரும்பி வந்து சேரவும் இரண்டு மணி ஆகவும் சரியாக இருந்தது. சின்னக் கதவு திறந்தது. முதல் ஷிப்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக் கூடையை ஆட்டிக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள், வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நின்றார்கள். என் அக்கா ஆறாவதோ ஏழாவதோ ஆளாக வந்தாள். அம்மா எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, முதுகில் நாலு அடி வைத்து, அழுதாள். அக்கா அம்மாவின் தோளுக்கு மேலாக மாமாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாரு செத்தா?” என்று கேட்டாள்.

யாரும் சாகவில்லை என்று மாமா சொன்னார். ஒத்திகை என்றார். சைரன் ஊதியது, எல்லாரும் ஓடினார்கள், அதை உன் தங்கச்சி தப்பாகப் போட்டுவிட்டாள் என்றார்.

“இன்னா ஒத்திக? இன்னா சைரன்?”

“காலைல பதினொரு மணிக்கு.”

“எங்க ஷெட்ல ஒண்ணும் கேக்கலியே” என்றாள் அக்கா. அவளோடு வந்த மற்ற பேக்கிங் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். “நாங்க பின்னால கீறோம். மிஷின் ஓடிக்கினே இருக்குது, பக்கத்துல பேசுறதே கேக்காது. யாரும் வந்து சொல்லல. டீ வந்துச்சு. குடிச்சோம்.”

மாமா, “அப்ப நெஜமாவே கசிஞ்சிருந்தா?” என்றார்.

“டீ குடிச்சிக்கினு இருந்துருப்போம்” என்றாள் அக்கா.

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். காலையில் இல்லாத ஒரு கசிவுக்காகப் பயந்தேன். இப்போது பயந்தது, இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்காக. இது கனமாக இருந்தது.

எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த கும்மிடிப்பூண்டி செய்தியாளர் மெதுவாகச் சொன்னார்: “அதான் மேடம் மேட்டரே. ஒம்போதாவது பாரால போட்டுக்கிறேனே.”

போனை எடுத்து முதல் முறையாக முழுச் செய்தியையும் படித்தேன். ஐந்தாவது பத்தியில், மயங்கி விழுந்த பெண் அப்படி நடிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர் என்று இருந்தது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனதும் ஒத்திகையின் ஒரு பகுதி. என் நாற்பது வார்த்தையில் நானாகக் கற்பனை செய்து சேர்த்தவற்றில் உண்மையாக அமைந்தது அது ஒன்றுதான். ஆறில் தீயணைப்பு வண்டி. ஏழில் ஆலை மேலாளரின் நன்றியுரை. எட்டில் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு. ஒன்பதில் இது:

‘ஒத்திகையைப் பார்வையிட்ட அரசின் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி, ஆலையின் பின்புறமுள்ள பேக்கிங் கூடத்தில் அபாயச் சங்கு கேட்கவில்லை என்று தெரிவித்தார். பதினைந்து நாட்களுக்குள் அங்கே தனிச் சங்கு பொருத்த வேண்டுமென உத்தரவிட்டார்.’

பத்தாவது பத்தியில் வானம் இருண்டிருந்தது.

“இதை ஏன் இவ்வளவு கீழே போட்டீங்க?”

“அதுக்குத்தான மேடம் மேலருந்து பில்டப் குடுத்துக்கினு வந்தேன்” என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் எழுதியிருந்தார். படிக்காதது நான்.

“இன்னொன்னு போடணும் சார்” என்று ஆசிரியரிடம் சொன்னேன். வாயிலுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தோம். காலையில் நெஞ்சு நின்ற அதே கடைக்காரர்தான் டீ போட்டார்.

ஒரு செய்தியின் உயிர் எது, உடம்பு எது, உடுப்பு எது என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் வழி சொல்லித் தரவில்லை. அன்று கட்டை விரலைத்தான் பயன்படுத்தினேன். ஒவ்வொரு பத்தியாக விரலால் மறைத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்தேன். ஈரத்துணியை மறைத்தேன், செய்தி நின்றது. டீக்கடைக்காரரை மறைத்தேன், நின்றது. பழைய கசிவை மறைத்தேன். பயம் குறைந்தது, செய்தி குறையவில்லை. ஒன்பதாவது பத்தியை மறைத்தேன். மிச்சமிருந்தது, ஓர் ஆலையில் ஒத்திகை நடந்தது என்பது மட்டும். ஒத்திகை அடிக்கடி நடப்பது. அதற்கு நாற்பது வார்த்தை எதற்கு? நேற்று வரை வெளியே தெரியாமல் இன்று தெரியவந்த விஷயம் அந்த ஒன்பதாவது பத்தியில்தான் இருந்தது.

ஆனால் அந்தப் பலகையில் நான் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. பணியாளர் நல அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஒலிபெருக்கி அவரிடம் இல்லை. யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள். “ஒத்திகை வெற்றிகரமாக நடைபெற்றது என்று போடுங்களேன்” என்றார்.

“பின்பக்கம் கேட்கலையே சார்.”

“மற்ற எல்லாப் பக்கமும் கேட்டதே.”

மாமா, பழைய கசிவைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றார். அது இல்லாவிட்டால் படிப்பவர்களுக்கு உறைக்காது என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு ஆலை. நாற்பது வார்த்தைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காலையில் நான் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டேன்.

செய்தியாளருக்கு வேறு ஆசை. “ஒங்க அக்கா சொன்னாங்களே மேடம், டீ குடிச்சிக்கினு இருந்துருப்போம்னு. அத போடுங்க. அந்த ஒரு வரி போதும், சும்மா அள்ளும்.”

எனக்கும் ஆசைதான். அந்த நாளில் கேட்டதிலேயே அதுதான் நல்ல வாக்கியம். ஆனால் நான் சுருக்கிக்கொண்டிருந்த செய்தியில் அது இல்லை. இல்லாததைச் சேர்ப்பதுதான் காலையில் என் குற்றம். இருந்திருந்தாலும், அது சொல்வது ஒன்பதாவது பத்தி சொல்வதையேதான், இன்னும் அழகாக. “நீங்க தனியா ஒரு செய்தியா எழுதி அனுப்புங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு என் அக்காவின் வாக்கியத்தை விட்டுவிட்டேன். பலகையின் மறுமுனையில் இருந்த அக்கா, “நான் சொன்னது வராதா?” என்று கேட்டாள். வராது என்றேன். “அதான பாத்தேன்” என்றாள்.

ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்த சிக்கல். ‘உத்தரவிட்டார்’. செய்தியாளர் வானத்துக்கு நிறம் பூசுகிறவர். அதிகாரியின் வாய்க்கும் பூசியிருக்கலாம். “உத்தரவெல்லாம் இல்லைங்க, ஓர் ஆலோசனை மாதிரி சொன்னார்” என்றார் பணியாளர் நல அதிகாரி. ‘அறிவுறுத்தினார்’ என்று போட்டால் என் அக்கா சங்குக்காக எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். அதை வைத்து முடிவு செய்யவும் கூடாது. செய்தியாளரிடம் எண் வாங்கி அந்த அதிகாரியையே கூப்பிட்டேன்.

“எழுத்துல குடுத்துட்டு வந்திருக்கேன்மா. பதினைந்து நாள். உத்தரவுதான்” என்றார் அவர்.

பணியாளர் நல அதிகாரி எதிரே இருந்த வேப்ப மரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது செய்தி இப்படிப் போனது:

‘கும்மிடிப்பூண்டி ஆலையில் இன்று நடந்த பாதுகாப்பு ஒத்திகையில், பின்புறப் பேக்கிங் கூடத்தில் அபாயச் சங்கு கேட்கவில்லை என்று தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி தெரிவித்தார். பதினைந்து நாளில் அங்கே தனிச் சங்கு பொருத்த உத்தரவிட்டார். கசிவு ஏதும் இல்லை. எங்கள் முதல் செய்தி தவறு, வருந்துகிறோம்.’

முப்பத்திரண்டு வார்த்தை. “இன்னும் எட்டு கீதே மேடம், அந்தம்மா மயங்குனத சேத்துக்கலாமே” என்றார் செய்தியாளர். எட்டையும் காலியாகவே விட்டேன்.

கூட்டம் அந்தச் செய்தியால் கலையவில்லை. அவரவர் வீட்டு ஆள் வெளியே வந்ததும் கலைந்தது. ஆனால் மூன்று, நான்கு பேர் போனில் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, பணியாளர் நல அதிகாரியிடம் பின்பக்கக் கூடத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதுவரை ‘ஒத்திகையா, கசிவா’ என்றே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவரிடம் அதற்குத்தான் பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை. உள்ளே போய்க் கேட்டுவருகிறேன் என்று போனார்.

முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் யாரும் மூன்றாவதைப் பகிர்ந்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்த ஆலையில் வாயு கசிந்தது என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடமே அதை விவரித்தார், மூக்கில் துணியோடு ஓடியவர்களை நேரில் பார்த்ததாக. அவர் பார்த்தது உண்மை.

பதின்மூன்றாவது நாள் பேக்கிங் கூடத்தில் சங்கு பொருத்தினார்கள். அதிகாரியின் எழுத்துதான் அதைச் செய்தது; என் முப்பத்திரண்டு வார்த்தைக்கு அதில் பங்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒருநாள் சோதித்துப் பார்க்கிறார்களாம். அது சரியாக அக்காவின் இருக்கைக்கு மேலே இருக்கிறது. காது அடைத்துப்போகிறது என்று திட்டுகிறாள். சங்கைத் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அவள் என்னோடு பேச இரண்டு வாரம் ஆனது. தவறாக எழுதியதற்காக அவளுக்குக் கோபமில்லை. “போட்டுட்டு அப்பறம்தான போன் பண்ண?” என்பாள். மாமாவுக்கு அன்று அரை நாள் சம்பளம் போனது. அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், எங்கள் செய்தியைப் படித்துக் காட்டும்போது முழுசாகப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். நாற்பது வார்த்தையில் முழுசு என்ன, அரைகுறை என்ன என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

ஆசிரியர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கடைசிப் பத்தி வரை படித்த பிறகே சுருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கைப்படத்தான் எழுதினார், மை இல்லாததால். அதனால் எனக்கு ஒரு செய்திக்கு எட்டு நிமிடம் என்பது இருபது நிமிடமானது. போட்டிக்காரர்கள் எங்களுக்கு முன்னால் போட்டுவிடுகிறார்கள். அவர் ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார்.

கும்மிடிப்பூண்டி செய்தியாளர் இப்போதும் வானத்திலிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் எனக்கு உதவியாக, முக்கியமான பத்தியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அனுப்புகிறார். போன வாரம் ஆரம்பாக்கம் பக்கம் ஏரிக்கரை உடைந்ததைப் பற்றி எழுதியிருந்தார். கரை உடைந்தது ஏழாவது பத்தியில். நட்சத்திரம் மூன்றாவது பத்தியில் இருந்தது. அதில் ஒரு கொக்கு பறந்துகொண்டிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

“நல்லா வந்துக்குதுல்ல மேடம்?” என்றார்.

நன்றாகத்தான் வந்திருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, கொக்கை விட்டுவிட்டுக் கரையை எழுதினேன்.